ஆயிரம் பிறை கண்டவருக்குப் பதினெட்டு ஸ்லைடுகள்

சதாபிஷேகம் முடிந்து, தாத்தாவும் பாட்டியும் ஈரப் புடவையும் ஈர வேட்டியுமாக உடை மாற்றப் போயிருப்பார்கள். அந்த இடைவெளியில் மேடை ஓரத்தில் பேரன் லேப்டாப்பைத் திறப்பான். திரையில் படங்கள் ஓடத் தொடங்கும். தாத்தாவின் பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாணப் படம், ஊட்டி, இன்னொரு ஊட்டி, பேத்தியின் காதுகுத்து, காசி யாத்திரை. பின்னணியில் சினிமாப் பாட்டு. பத்தாவது படம் வரும்போது முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ வந்து சொல்வார்கள். நாற்பதாவது படம் ஓடும்போது நாற்காலிகள்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பேரன் பல ராத்திரி கண் விழித்து வேலை பார்த்திருப்பான். ஆனால் ஒவ்வொரு படமும் எங்கே, எதற்காக எடுக்கப்பட்டது, ஓரத்தில் நிற்பவர் யார் என்று அவனுக்கும் தெரியாது. வந்தவர்களில் தெரிந்த நாலு பேர் தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அது யாரோ ஒருவரின் ஆல்பம்.

எண்பதாவது நிறைவை ‘ஆயிரம் பிறை கண்டது’ என்கிறோம். ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே சராசரியாக 29.53 நாள். ஆயிரத்தால் பெருக்கினால் 29,530 நாள். அதாவது 80 வருடமும் ஏறக்குறைய 10 மாதமும். விழாவை எப்போது வைப்பது என்பது குடும்பத்துக்குக் குடும்பம், வாத்தியாருக்கு வாத்தியார் மாறும். எப்படியானாலும் நாள் குறிப்பதற்கும் விழாவுக்கும் நடுவே சில மாதங்கள் கிடைக்கும். அந்த மாதங்களில் செய்ய வேண்டிய வேலையில் லேப்டாப்புக்குப் பங்கு கொஞ்சம்தான். பெரும்பகுதி தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து செய்வது.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். 1945இல் ராமநாதபுரம் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்த ஒரு தாத்தா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ரயில்வேயில் சேர்ந்து, 2005இல் மதுரையில் ஓய்வு பெற்றவர். 1971இல் கல்யாணம். மூன்று பிள்ளைகள், ஏழு பேரப்பிள்ளைகள். மூத்த பேத்திதான் ஸ்லைடு தயாரிக்கப் போகிறாள். கற்பனைக் குடும்பம்தான். ஆனாலும் இந்தத் தாத்தாவின் பெட்டியில் இருப்பவை தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றின் பரணிலும் இருப்பவை: அட்டையில் ஒட்டிய சில ஸ்டூடியோ படங்கள், பசை ஆல்பம் இரண்டு, ஒரு கல்யாணப் பத்திரிகை, சர்வீஸ் சம்பந்தமான காகிதக் கட்டு.

பேத்தி செய்யக்கூடாத முதல் காரியம், “தாத்தா, உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்பது. அந்தக் கேள்விக்கு வருவதெல்லாம் “என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், வந்தோம்” என்கிற ஒரு வரிதான். மாறாக, மத்தியானக் காபிக்குப் பிறகு ஒரே ஒரு படத்தைக் கையில் கொடுத்து, செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, படத்தின் ஓரத்திலிருந்து கேட்க வேண்டும்.

“இந்தத் திண்ணை நம்ம ஊரு வீடா தாத்தா?”

“இது நம்ம வீடு இல்லம்மா. எதுத்த வீடு. நம்ம வீட்டுல திண்ணை ஏது? போட்டோக்காரர் வந்திருக்காருன்னு அவங்க வீட்டுல போயி வரிசையா உக்காந்தோம்.”

“இந்தக் கைக்குழந்தை?”

“அது எங்க அக்கா பிள்ள. சட்டை எனக்கு எடுத்தது. அன்னைக்கு ஒரு நாளைக்கு அவனுக்குப் போட்டுவிட்டாங்க.”

இதுதான் ஸ்லைடு. ‘குடும்பத்துடன், 1950கள்’ என்று எழுதியிருந்தால் எவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ‘திண்ணை எதிர்வீட்டுடையது, சட்டை தாத்தாவுடையது’ என்று இரண்டு வரி போட்டால் மண்டபம் சிரிக்கும், பிறகு படத்தைப் பார்க்கும். ஒரு நாளைக்கு நாலைந்து படம் போதும். அதற்கு மேல் போனால் பெரியவர் களைத்துப்போவார், பதிலும் சுருங்கிவிடும். இன்னொன்று, பாட்டியைத் தனியாக ஒரு நாள் கேட்க வேண்டும். இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் தாத்தா பேசுவார், பாட்டி திருத்துவார். பாட்டியின் கதை வெளியே வராது.

அடுத்தது காலம் கண்டுபிடிப்பது. பழைய படங்களில் தேதி அபூர்வம். தாத்தாவோ “எமர்ஜென்சிக்கு முன்னாடி” என்பார். இங்கேதான் படத்தின் பின்பக்கம் உதவுகிறது. ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. அன்றுதான் பின்கோடு முறை வந்தது. உறையிலோ சான்றிதழிலோ ‘மதராஸ் ராஜ்யம்’ என்று அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முந்தியது; தமிழ்நாடு என்ற பெயர் அப்போதுதான் அதிகாரபூர்வமாக வந்தது. பழைய காகிதத்தையே தீரும்வரை பயன்படுத்திய அலுவலகங்கள் உண்டு என்பதால், இந்தக் கணக்கில் ஒன்றிரண்டு வருடம் தளர்த்திக்கொள்வது நல்லது.

இவற்றைவிட நம்பகமான சாட்சி கல்யாணப் பத்திரிகை. அதில் ஆங்கிலத் தேதி கிழிந்துபோயிருந்தாலும் ‘விரோதிகிருது வருடம் ஆவணி மாதம்’ என்ற வரி தப்பியிருக்கும். தமிழ் வருடங்கள் அறுபது வருடத்துக்கு ஒரு முறைதான் திரும்பும். விரோதிகிருது என்றால் 1971 சித்திரையிலிருந்து 1972 பங்குனி வரை. ஆக ஆவணி என்றால் 1971 ஆகஸ்ட், செப்டம்பர். இதே முறையில் தாத்தாவின் ஜாதகத்தையும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குக்காக எழுதிவைத்த பிறந்த தேதிதான் அந்தத் தலைமுறையில் பலரின் சர்டிபிகேட்டிலும் ஆதாரிலும் ஏறியிருக்கிறது. ஜாதகம் ‘பார்த்திப வருடம்’ என்றால் பிறந்தது 1945 ஏப்ரலுக்கும் 1946 ஏப்ரலுக்கும் நடுவில். விழா நட்சத்திரப்படி நடக்கிறது என்றால் திரையிலும் அந்தத் தேதியையே போட வேண்டும். ஆதார் தேதியைப் போட்டுவிட்டு, பெரிய அத்தையிடம் மேடையிலேயே வாங்கிக் கட்டிக்கொள்வானேன்?

குடும்பத்தில் பல வருடமாகச் சொல்லப்பட்டுவரும் பெரிய கதையையும் இதே போல உரசிப் பார்க்க வேண்டும். நம் மாதிரித் தாத்தாவைப் பற்றி வீட்டில் இப்படி ஒரு கதை இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘புயலில் போன தனுஷ்கோடி ரயிலில் தாத்தா டூட்டி பார்க்க வேண்டியது, கடைசி நேரத்தில் தப்பினார்.’ பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22 நள்ளிரவில். பேத்தி காகிதக் கட்டைப் பிரித்தால், ரயில்வேயில் சேர்ந்ததாக இருக்கும் தேதி 1966. கதை பொய்யா?

தாத்தாவிடமே கேட்டால் விஷயம் வேறு மாதிரி வரும். அப்போது அவருக்கு 19 வயது. வேலை கிடைக்கவில்லை. புயலில் உடைந்த பாம்பன் பாலத்தைச் சீர்செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூலி வேலைக்குப் போயிருக்கிறார். அந்தப் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள் என்பது ரயில்வே வரலாறு. அந்த நாட்களில் ரயில்வேக்காரர்களைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே போக வேண்டும் என்று தோன்றியதாம். தப்பித்த கதையைவிட இது நல்ல கதை. உண்மையும்கூட. சரிபார்க்க முடியாத கதை என்றால் விட்டுவிட வேண்டியதில்லை. ‘தாத்தா சொல்வார்’ என்று தொடங்கி எழுதினால் போதும். வந்திருப்பவர்களில் பழைய சகா ஒருவர் இருப்பார், அவருக்குத் தெரியும் எது நடந்தது என்று.

இனி படங்களை நகலெடுப்பது. பசை ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்க்கக் கூடாது. முதலில் ஒட்டியபடியே ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுப்பது போல இழுத்தால் வரும். வராவிட்டால் விட்டுவிடுவதே மேல். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை எடுக்கவே கூடாது. மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். அதைக் கண்ணாடிக்கு மேலேயே, ஜன்னல் பக்க வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், சற்றுத் தள்ளி நின்று எடுக்கலாம். எடுப்பவரின் உருவம் தெரிந்தால் கறுப்புத் துணியைப் பிடித்து மறைத்துக்கொள்ளலாம்.

தனிப் படங்களுக்கு ஸ்கேனர் நல்லது. போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 300 டி.பி.ஐ. போதும், சட்டைப்பை அளவுப் படமென்றால் 600 வைத்தால்தான் பெரிய திரையில் முகம் கலையாமல் நிற்கும். எழுபதுகள், எண்பதுகளின் வண்ணப் படங்கள் செம்பழுப்பாக மாறியிருக்கும். அந்தத் தாளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துப்போவதுதான் காரணம். நிறத்தை ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டும். வெளியூர் உறவினர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம் வாங்கும்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி வரும். செல்போனில் அழகாகத் தெரிந்தது மண்டபத் திரையில் கட்டம் கட்டமாக உடையும். அதை விழா நாளில்தான் கண்டுபிடிப்பார்கள்.

சரி, ஸ்லைடுகள். பதினெட்டு, ஒன்றுக்கு முக்கால் நிமிடம் என்றால் மொத்தம் பதின்மூன்று, பதினான்கு நிமிடம். பசியோடு இருக்கும் கூட்டம் தாங்கும் எல்லை அதுதான். உறவுக்காரர்கள் எல்லாருடைய படமும் வர வேண்டுமே என்றால், அவற்றைத் தனியாக ஒரு தொகுப்பாக்கி, சாப்பாட்டுக் கூடத்துத் திரையில் ஓடவிடலாம். அங்கே கதை வேண்டாம்.

முதல் ஸ்லைடில் தலைப்பு, பூ, பலூன் எதுவும் வேண்டாம். திண்ணைப் படத்தோடு தொடங்கிவிடலாம். கடினமான பகுதி அடுத்த மூன்று. ஐந்து வயதிலிருந்து பதினெட்டு வரை நம் தாத்தாவுக்கு ஒரு படம்கூட இல்லை. பல குடும்பங்கள் இந்த இடத்தைத் தாண்டிக் கல்யாணத்துக்குக் குதித்துவிடும். அல்லது இணையத்திலிருந்து ஏதோ கிராமத்துப் படத்தை எடுத்துப் போடும். இரண்டும் சரியல்ல. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போடலாம். தாத்தாவின் கையால் ஒரு வெள்ளைத் தாளில் ஊர் வரைபடம் வரையச் சொல்லி அதைப் போடலாம்: கண்மாய், பள்ளிக்கூடம், தண்ணீர் எடுத்த கிணறு, பஸ் நின்ற இடம். கோடு நடுங்கும், பரவாயில்லை. மூன்றாவதாக, அந்த வீட்டிலிருந்து இன்றைக்கும் மிஞ்சியிருக்கும் ஒரு பொருள். பித்தளைக் கூஜாவோ, அரிக்கேன் விளக்கோ. வெள்ளைத் துணி விரித்து, பகல் வெளிச்சத்தில் அதை எடுத்து, ‘இந்த விளக்கில்தான் படித்தது, மண்ணெண்ணெய் தீர்ந்த நாளில் தெருவிளக்கு’ என்று அவர் சொன்னதையே கீழே எழுதலாம். படம் இல்லாத வருடங்கள்தான் பெரும்பாலும் கூட்டத்தை நிமிர வைக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு அவை புதிது.

ஐந்து முதல் எட்டு வரை பாம்பனும் ரயில்வேயும். ஒன்பதில் கல்யாணப் பத்திரிகை முழுசாக. பத்தில் கல்யாணப் படம். பதினொன்று முழுக்கப் பாட்டிக்கு. இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல தொகுப்புகளில் பாட்டி ‘இல்லற வாழ்க்கை’ என்ற ஒரே ஸ்லைடில் மணப்பெண்ணாக வந்து, அப்புறம் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்தபடிதான் மறுபடி தெரிவார். நடுவே தாத்தாவுக்கு மூன்று ஊர் மாறுதல் வந்தபோது வீட்டைக் கட்டித் தூக்கியது யார், மளிகைக் கடையில் கணக்கு வைத்துச் சமாளித்தது யார் என்ற கதை அவரிடம்தான் இருக்கும். பன்னிரண்டு முதல் பதினான்கு வரை பிள்ளைகளும் கட்டிய வீடும். ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு எடுத்த படம் பதினைந்தாவது.

இடையில் ஒரு நுட்பமான சங்கடம் வரும். இறந்துபோன தம்பியின் படம் வேண்டும். வீட்டில் இருப்பதோ மாலை போட்டு, குங்குமம் வைத்து, சட்டத்தில் மாட்டியது மட்டும். சுப காரியத்தில் அதைத் திரையில் காட்டினால் பெரியவர்கள் முகம் மாறும். பழைய காலத்தில் இந்தச் சட்டப் படங்கள் பலவற்றை ஏதோ ஒரு குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித்தான் செய்தார்கள். கழுத்தருகே பக்கத்து ஆளின் தோள் துண்டாகத் தெரிகிறதா என்று பார்த்தால் பிடிபடும். அந்த குரூப் போட்டோ எந்தச் சொந்தக்காரர் வீட்டிலாவது இருக்கும். தேடினால் தம்பி சிரித்துக்கொண்டு நிற்கும் படம் கிடைக்கக்கூடும். அதேபோல, பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் இருக்கும் படங்களையும் வெட்டித் திருத்த வேண்டாம். முழுதாகப் போடலாம், அல்லது போடாமல் விடலாம். ஆளை வெட்டிய இடம் எல்லாருக்கும் தெரியும்.

பதினாறும் பதினேழும் நன்றி. ‘எங்களை வளர்த்து ஆளாக்கிய தெய்வத்துக்கு’ என்கிற மாதிரி வரிகளை எந்த வீட்டிலும் எடுத்து எந்த வீட்டிலும் ஒட்டலாம். அதற்குப் பதில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு சம்பவம் வாங்க வேண்டும்: ‘எனக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரி, ஆட்டோ கிடைக்காமல் மாமா பால் வண்டியை மறித்து ஏற்றிவிட்டார்’ என்று மருமகள் சொல்வது. இப்படி ஐந்து வரி போதும், யார் சொன்னது என்ற பெயரோடு.

பதினேழாவது ஸ்லைடு எதிர்த்திசையில். ‘நீங்க யாருக்கு நன்றி சொல்லணும் தாத்தா?’ என்று கேட்டு எழுதுவது. பள்ளிக் கட்டணம் கட்டிய தாய்மாமன், முதல் வேலையில் தங்க இடம் கொடுத்த சக ஊழியர், அறுவை சிகிச்சைக்கு ரத்தம் கொடுத்த பக்கத்து வீட்டுப் பையன். அவர்களில் உயிரோடு இருப்பவர்களை, இல்லாதவர்களின் பிள்ளைகளை, தனியே போனில் கூப்பிட்டு விழாவுக்கு அழைக்க வேண்டும். இந்த ஒரு ஸ்லைடில் தாத்தாவின் குரலையே இருபது, முப்பது விநாடி கேட்கவிடலாம். மற்ற ஸ்லைடுகளைப் பேத்தி நேரில் பேசினால்தான் நன்றாக இருக்கும். சிரிப்பு வந்தால் நிறுத்தி, அடங்கியதும் தொடர முடியும். தானாக ஓடும் வீடியோவுக்கு அந்த விவஸ்தை கிடையாது.

பதினெட்டாவது காலியாக இருக்கட்டும். அதற்கான படத்தை அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், எல்லாரையும் நிற்க வைத்து.

மண்டபத்தில் கெடுவது பெரும்பாலும் இரண்டு விஷயம். ஒன்று, எழுத்து. வீட்டு லேப்டாப்பில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், மண்டபத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்து, பி.டி.எஃப். நகலும் ஒன்று பென் டிரைவில் வைத்துக்கொண்டால் கவலையில்லை. இரண்டு, வெளிச்சம். புரொஜெக்டர் என்றால் பகலில் கறுப்பு வெள்ளைப் படம் வெறும் சாம்பலாகத்தான் தெரியும், எல்.இ.டி. திரைதான் தாங்கும். முந்தின நாள் சாயங்காலமே ஒரு முறை ஓடவிட்டு, கடைசி வரிசையிலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நெட்டையான படத்தைத் திரை நிறைய இழுத்து அகலமாக்கினால் தாத்தா குண்டாகிவிடுவார். இருபக்கமும் கறுப்பாக விட்டு, வலப்பக்கம் இரண்டு வரி எழுதினால் பொருத்தமாக இருக்கும்.

அதற்கும் ஒரு வாரம் முன்பு, முழுத் தொகுப்பையும் பாட்டியும், தாத்தா வழியில் ஒரு பெரியவரும் பார்த்துவிட வேண்டும். திடீர் ஆச்சரியம் கொடுக்கிறோம் என்று இதை மறைத்து வைப்பவர்கள், பெயர் மாறிய அத்தையையும் விட்டுப்போன சித்தப்பாவையும் மேடையில்தான் சந்திப்பார்கள்.

விழா முடிந்ததும் மூலப் படங்களின் பின்னால், ஓரத்தில், மெல்லிய பென்சிலால் பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும். உங்கள் வீட்டில் எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வயதில் யாராவது இருந்தால் விழா நாள் குறிக்கும்வரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.